தூண் அனுப்பாத நாலு ஸ்லைடு

அவசர சிகிச்சைப் பிரிவில் அவளைப் பெரிய சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் ஒன்றும் பெரியவள் இல்லை. ஐந்தடிக்கு இரண்டு விரற்கடை கூட இருப்பாள், அவ்வளவுதான். ஆனால் பகல் ஷிஃப்டில் அந்தப் பிரிவு முழுக்க அவள் பொறுப்பு. குடித்துவிட்டு வந்து ரகளை செய்பவனை ஒரு அதட்டலில் கட்டிலில் உட்கார வைப்பாள். வயது நாற்பத்திரண்டு. ஒரு மகள், பேருந்துப் பணிமனையில் வேலை பார்க்கும் கணவர், மாடியில் இரண்டு அறை வீடு.

அடி என்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த சங்கதி. அவள் அப்பா பட்டறைத் தொழிலாளி. பெல்ட்டைக் கழற்றினால் யார் மேல் விழும் என்று கணக்கில்லை. பதினேழு வயதில் ஒரு நாள், அவளை அடிக்க அறைக்குள் நுழைந்த அப்பாவின் முகத்துக்கு நேரே கதவை அறைந்து சாத்தினாள். அப்பாவின் கை நடுவில் இருந்தது. இரண்டு விரல் உடைந்தது. அதற்குப் பிறகு அவர் அவளைத் தொடவே இல்லை. அடித்தால்தான் சிலது நிற்கும் என்று அவள் மனதில் அன்றைக்குப் பதிந்தது. நர்ஸ் வேலைக்கு வந்து இருபது வருடம் காயத்தைத் துடைத்துக் கட்டுப்போட்ட பிறகும் அது போகவில்லை.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு காலை, சலைன் பாட்டில் தொங்கும் இரும்புக் கம்பத்தைத் தூக்கி ஒருவன் அவள் தலையில் அடித்தான். இருபத்துமூன்று வயதுப் பையன். பத்து நிமிடத்துக்கு முன்னால் அவன் அம்மா மூன்றாம் நம்பர் கட்டிலில் இறந்து போயிருந்தாள். பெரிய சிஸ்டர்தான் முகத்தை மூடினாள். திரும்பும்போது அடி விழுந்தது. அதற்கு மேல் அவளுக்கு ஞாபகம் இல்லை. கண் விழித்தபோது தன் பிரிவிலேயே தான் நோயாளியாகப் படுத்திருந்தாள். இடது காதில் செவிப்பறை கிழிந்து, உள்ளே எலும்பு விரிசல் விட்டு, அந்தப் பக்கம் கேட்பது பாதியாகிப் போனது.

அந்த வருடத்தில் அடி வாங்கிய ஊழியர் அவள் மட்டும் இல்லை. ஒரு டாக்டரின் முன்கையைக் கடித்திருந்தார்கள். சீட்டுப் போடுகிற பெண்ணின் மேல் நாற்காலி விழுந்திருந்தது. கடைசியில் மருத்துவமனை நிர்வாகக் குழு, என்ன வேண்டுமென்று நீங்களே வந்து சொல்லுங்கள், ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அரை மணி நேரம் தருகிறோம் என்றது.

நாலு பேர் சேர்ந்தார்கள். பெரிய சிஸ்டர், கடி வாங்கிய அந்த இளம் மருத்துவரான சின்ன டாக்டர், மருத்துவப் பதிவறையில் இருபத்தைந்து வருடமாக இருக்கும் ரெக்கார்டு அக்கா, நாலாவதாக, மருத்துவமனைக் காவலர்களின் மேற்பார்வையாளர். ஆறடி உயரம், அகலமும் அதற்கேற்ப. வாசலில் நின்றால் அசையமாட்டார் என்பதால் தூண் என்று பெயர். அவர் காதுபடவே அப்படிச் சொல்வார்கள். அவரும் சிரித்துக்கொள்வார்.

சின்ன டாக்டர் ஆன்லைனில் ஒரு ஃபைல் திறந்து நாலு பேருக்கும் பங்கு பிரித்தார். மொத்தம் பதினாறு ஸ்லைடு, ஆளுக்கு நாலு. காயங்களைப் பற்றி டாக்டர், ஊழியர் நிலையைப் பற்றி பெரிய சிஸ்டர், எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள் என்று ரெக்கார்டு அக்கா. எத்தனை சம்பவம், எந்த நேரத்தில், காவலர் வந்து சேர எத்தனை நிமிடம் ஆனது, வந்து என்ன செய்தார்கள் என்பது தூணின் பங்கு. அவரிடம்தான் சம்பவப் பதிவேடும் கேமராப் பதிவுகளும் இருந்தன. பூட்டுள்ள கதவும் அபாயப் பொத்தானும் கூடுதல் காவலரும் வேண்டுமென்று கேட்பதற்கு அந்த நாலு ஸ்லைடுதான் அஸ்திவாரம்.

கூட்டத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமைக்குள் எல்லோரும் அனுப்பிவிட வேண்டும் என்று பேச்சு. மூன்று பேர் அனுப்பினார்கள். தூண் சனிக்கிழமை, 'அனுப்பறேன் சிஸ்டர்' என்று ஒரு வரி போட்டார். ஞாயிறு ஒன்றுமில்லை. திங்கட்கிழமை காலை அவள் ஃபைலைத் திறந்தாள். ஐந்திலிருந்து எட்டு வரை நாலு வெள்ளைப் பக்கம். மேலே தலைப்பு மட்டும், டாக்டர் போட்டுக் கொடுத்தபடியே.

நாலு பேரும் இருந்த வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டாள். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. பதினொரு மணிக்கு மறுபடி கேட்டாள். மறுபடி நீல டிக். வியாழன் மூன்று மணிக்குள் முழு ஃபைலையும் நிர்வாக அலுவலகத்துக்கு அனுப்பியாக வேண்டும். அந்தத் திங்கள் காலை மட்டும் இரண்டு பேர் பிரிவில் கைகலப்பு செய்திருந்தார்கள், அவள் மணிக்கட்டில் ஒருவனின் நகக்கீறல் எரிந்துகொண்டிருந்தது. கட்டுப்போடும் மேசையில் சாய்ந்தபடி தட்டினாள்:

'நாலு பக்கம் எழுத வக்கில்லாட்டி அன்னிக்கே சொல்லியிருக்கணும். நாங்க இங்க அடி வாங்கிட்டு இருக்கோம். நீங்க கீழ உட்கார்ந்து டிவி பார்க்கிறீங்க.'

அனுப்பிய இரண்டு நிமிடத்தில் தூண் குரூப்பை விட்டு வெளியேறினார்.

மதிய இடைவேளையில் மூவரும் பதிவறையில் கூடினார்கள். கூரை வரை அலமாரி, அலமாரி நிறைய கோப்பு. சின்ன டாக்டர் நின்றுகொண்டே ரொட்டி தின்றார்.

"அவர் பேரை எடுத்துடுவோம். டைரக்டருக்கு ஒரு மெயில் போட்டா முடிஞ்சுது. ஒத்துழைக்கலன்னு எழுதிடறேன்."

"மெயில் போட்டா ஸ்லைடு வந்துடுமா?" என்றாள் ரெக்கார்டு அக்கா. "பதிவேடு அவர் பெட்டியில இருக்கு. நீ டைரக்டர்கிட்ட போனா அவர் பெட்டியப் பூட்டிட்டு வீட்டுக்குப் போவார்."

"அப்ப என்னக்கா பண்ணச் சொல்றீங்க?"

"முதல்ல, வராதுன்னு வெச்சு நம்ம கையில ஒண்ணு ரெடி பண்ணு. என்கிட்ட காயச் சீட்டு இருக்கு. ஊழியர் எத்தனை பேருக்குக் கட்டுப்போட்டோம்னு அதுல எண்ணிடலாம். அரைகுறைதான், ஆனா மேடையில வெள்ளைப் பக்கம் காட்ட வேண்டியதில்ல." அக்கா பெரிய சிஸ்டரின் பக்கம் திரும்பினாள். "ரெண்டாவது, நீ போய் தனியாப் பேசு. நாலு பேர் முன்னால அப்படி எழுதினா எந்த மனுஷன் பதில் போடுவான்? அவர் படிச்சிருக்கார், பதில் போடல. சோம்பேறி படிக்கவே மாட்டான். ஏதோ தொண்டையில சிக்கியிருக்கு. என்னன்னு கேளு."

"கேக்கறேன்," என்றாள் பெரிய சிஸ்டர். கேட்கிற குரலில் சொல்லவில்லை.

செவ்வாய் காலை ஒன்பதரைக்கு அவள் கீழ்த்தளத்துக்குப் போனாள். கண்காணிப்பு அறை ஜன்னல் இல்லாத ஒரு பெட்டி. பன்னிரண்டு திரை, ஒரு மேசை, இரண்டு நாற்காலி. தூண் தனியாக இருந்தார். மேசை மேல் நீளவாக்கில் தடித்த பதிவேடு.

"என்ன அண்ணே, குரூப்ப விட்டு ஓடிட்டீங்க?"

"வேலை இருக்கு சிஸ்டர்."

"எனக்கு மட்டும் இல்லையா? நாலு ஸ்லைடு. எண்ணிக்கை, நேரம், நிமிஷம். அந்தப் புஸ்தகத்தக் குடுங்க, நானே எண்ணிக்கறேன்."

"அது வேண்டாம்."

"ஏன் வேண்டாம்?"

அவர் பதில் சொல்லாமல் திரையைப் பார்த்தார். அக்கா சொல்லி அனுப்பியது அவளுக்கு ஞாபகம் இருந்தது. என்ன பிரச்னை என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த மௌனம் அவள் மண்டைக்குள் சூடு ஏற்றியது. எட்டி பதிவேட்டைப் பிடித்து இழுத்தாள். அவர் மறுமுனையைப் பிடித்தார். நடுவில் தையல் விட்டு நாலைந்து தாள் கிழிந்தது. அவர் எழுந்து நின்று பதிவேட்டைப் பிடுங்கி மார்போடு வைத்துக்கொண்டார். அவள் கை தானாக உயர்ந்தது. அந்த அகலமான கன்னத்தில் முழு பலத்தோடு அறைந்தாள். சத்தம் அந்தப் பெட்டி அறையில் பலகை உடைந்தது போலக் கேட்டது.

அவர் திருப்பி அடிக்கவில்லை. கண் மட்டும் ஒரு கணம் மாறியது. நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகி, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். கன்னத்தில் நாலு விரல் சிவந்து எழும்பியது.

"போங்க சிஸ்டர்," என்றார். "தயவு பண்ணி மேல போங்க."

அவள் மேலே வந்தாள். உள்ளங்கை எரிந்தது. கைகழுவும் தொட்டியில் குளிர்ந்த நீரைத் திறந்துவிட்டு நின்றாள். அடித்ததற்கு வருத்தமில்லை, ஆனால் அடி வேலை செய்யவில்லை. அதுதான் அவளைக் குழப்பியது. அன்று மாலை வீட்டில் மகள் ஏதோ கேட்டாள். காதில் விழாமல் மூன்றாம் முறை கேட்டபோது, கையிலிருந்த தட்டைச் சுவரில் வீசினாள். தட்டு உடைந்தது. மகள் துடைப்பத்தை எடுத்துவந்து பெருக்கினாள். அந்தப் பெண் பெருக்கிய விதத்தில் ஒரு பழக்கம் தெரிந்தது. இது முதல் தட்டு இல்லை.

புதன்கிழமை பதினோரு மணிக்கு ஒரு அட்டைப்பெட்டித் தொழிற்சாலையிலிருந்து கையில் பிளேடு இறங்கிய ஒருவரைக் கூட்டி வந்தார்கள். கூட வந்தவர்கள் அவருடைய இரண்டு தம்பிகள். காயம் ஆழமில்லை. ரத்தம் மட்டும் நிறைய. முன்னால் இரண்டு மாரடைப்பு நோயாளிகள் இருந்தார்கள். அழுத்திக் கட்டி, இருபது நிமிடம் காத்திருங்கள் என்று சின்ன டாக்டர் சொன்னார். இளைய தம்பி பத்து நிமிடம் நடந்துகொண்டே இருந்தான். பிறகு டாக்டரின் கழுத்தைப் பிடித்து மருந்து அலமாரியோடு சேர்த்து அழுத்தினான். கண்ணாடி நொறுங்கி இறங்கியது. டாக்டரின் முகம் கருஞ்சிவப்பாக மாற, கால்கள் தரையைத் தேடின.

பெரிய சிஸ்டர் பின்னாலிருந்து அவன் தலைமுடியைப் பிடித்து இழுத்தாள். அவன் முழங்கையை ஒரு வீசு வீசினான். அது அவள் விலாவில் இறங்கி மூச்சை நிறுத்தியது. யாரோ காவலரைக் கூப்பிட்டு அலறினார்கள். வாசலில் இருந்த ஒற்றைக் காவலர் ஓடிவந்து ஒரு குத்தில் தரையில் விழுந்தார். அப்புறம் தூண் வந்தார். கீழ்த்தளத்திலிருந்து படி ஏறி ஓடி வந்திருக்க வேண்டும். பின்னாலிருந்து அவனை இடுப்போடு தூக்கித் தரையில் போட்டார். அவன் கை டாக்டரின் கழுத்தை விட்டது. டாக்டர் இருமிக்கொண்டே தவழ்ந்து போனார்.

அத்தோடு முடிந்தது. முடிந்திருக்க வேண்டும்.

அவன் குப்புறக் கிடந்தான், இரண்டு கையும் விரிந்திருந்தது. தூண் அவன் முதுகில் முட்டி வைத்துத் தலையைத் திருப்பி முகத்தில் குத்தினார். இன்னொரு குத்து. மூன்றாவதில் பல் ஒன்று தெறித்து ஸ்ட்ரெச்சரின் சக்கரத்துக்கு அடியில் போய் நின்றது. "விடுங்க, விடுங்க," என்று அவன் சொன்னது ரத்தத்துக்குள்ளிருந்து குமிழியாக வந்தது. தூண் முகத்தில் கோபம்கூட இல்லை. ஆணி அடிக்கிற ஆளின் முகம் மாதிரி இருந்தது.

பெரிய சிஸ்டர் விலாவைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள். முதல் குத்துக்கு அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. இரண்டாவதுக்கும்தான். அதை அவள் பிறகு யாரிடமும் மறைக்கவில்லை. பல் உருண்டதைப் பார்த்ததும்தான் கால் நகர்ந்தது.

"அண்ணே, போதும்."

அவருக்குக் கேட்கவில்லை. அவள் அவர் முதுகில் விழுந்து, இரண்டு கையாலும் அவர் வலது கையைக் கட்டிப்பிடித்தாள். அந்தக் கை அவளையும் சேர்த்துத் தூக்கியது. "அண்ணே. நான்தான். போதும்." அந்தரத்தில் அந்தக் கை நின்றது. பிறகு மெல்ல இறங்கியது.

போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. அடி வாங்கியவனின் உதட்டுக்குப் பெரிய சிஸ்டர் மருந்து வைத்துக் கொடுக்க, கழுத்தில் விரல் தடத்தோடு சின்ன டாக்டரே உட்கார்ந்து ஆறு தையல் போட்டார். தையல் நேராக வந்தது.

மூன்று மணிக்கு அவள் கீழே போனாள். இந்த முறை கதவைத் தட்டினாள். தூண் குத்திய கையை ஒரு வாளித் தண்ணீரில் விட்டு உட்கார்ந்திருந்தார். விரல் முட்டிகள் வீங்கியிருந்தன.

"எலும்பு உடைஞ்சிருக்கா, காட்டுங்க."

காட்டினார். அழுத்திப் பார்த்தாள். உடையவில்லை. இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நேத்து கை நீட்டினது தப்பு அண்ணே. திங்கக்கிழமை எழுதினதும் தப்பு. நான் கேக்க வேண்டியது ஒண்ணுதான். அந்த நாலு ஸ்லைடுல உங்களுக்கு எது எழுத வரல?"

அவர் நாற்காலியைத் திரைப் பக்கம் திருப்பினார். பிறகு ஈரக் கையாலேயே கணினியில் ஒரு தேதியைத் தட்டினார். திரையில் மூன்றாம் நம்பர் கட்டில் தெரிந்தது. அவள் தன்னையே பார்த்தாள், மேலிருந்து, சத்தமில்லாமல். முகத்தை மூடுகிறாள். திரும்புகிறாள். கம்பம் இறங்குகிறது. துணி விழுவது போல விழுகிறாள். பையன் கம்பத்தைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். அது அவளுக்குத் தெரியாது. அவன் ஓடினான் என்றுதான் அவள் எட்டு மாதமாக நினைத்திருந்தாள்.

தூண் சட்டகத்துக்குள் வந்தார். உட்கார்ந்திருந்தவனை உதைத்தார். அவன் சாய்ந்தான். மறுபடி உதைத்தார். தாடையில், விலாவில், மறுபடி தாடையில். அவள் தன்னை அறியாமல் எண்ணினாள். பதினொன்று.

"தாடை ரெண்டு இடத்துல போச்சு," என்றார் தூண். "கம்பி போட்டுக் கட்டினாங்க. நான் புஸ்தகத்துல என்ன எழுதினேன் தெரியுமா? தப்பி ஓடறப்ப விழுந்ததில் காயம்."

"எனக்காகப் பண்ணினீங்களா?"

"உங்களுக்காகன்னு சொன்னா பொய். யாரா இருந்தாலும் அப்படித்தான் பண்ணியிருப்பேன். ஆரம்பிச்சா கை நிக்க மாட்டேங்குது சிஸ்டர்." வாளித் தண்ணீரைப் பார்த்தார். "முப்பத்தோரு சம்பவம் இருக்கு. ஏழுல, ஆள் அடங்கின பிறகு நாங்க அடிச்சிருக்கோம். அந்த ஏழுல அஞ்சு நான். இன்னிக்கு சேர்த்தா முப்பத்திரெண்டு, எட்டு, ஆறு. நான் தினம் ஃபைலைத் திறப்பேன். முப்பத்தொண்ணுன்னு எழுதினா அந்த ஏழும் அதுக்குள்ள உட்கார்ந்திருக்கு. இருபத்தி நாலுன்னு எழுதினா பொய். நீங்களே சொல்லுங்க, இத எந்த ஸ்லைடுல போடறது?"

திரையில் பையன் அசையாமல் கிடந்தான். அவளும் அசையாமல் கிடந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் மூன்று அடிகூட இல்லை.

"முதல் மூணு ஸ்லைடு எழுத வருமா?" என்று கேட்டாள். "எத்தனை சம்பவம், எந்த நேரம், நிமிஷம். அது மட்டும்."

"வரும்."

"நீங்க சொல்லுங்க, நான் அடிக்கறேன். நாலாவத விட்டுடலாம். அத நீங்க முடிவு பண்ணுங்க. நாளைக்கு ரெண்டு மணி வரைக்கும் காத்திருக்கேன். மூணு மணிக்கு ஃபைல் போயாகணும். வரலன்னா நாலாவது இடத்துல ரெக்கார்டு அக்கா எண்ணி வெச்ச காயக் கணக்கு போகும். அதுலயும் பொய் இல்ல. உங்களக் காட்டிக் குடுக்கறதும் இல்ல. ஆனா நானா எதையும் மூடி எழுத மாட்டேன்."

ஒன்றரை மணி நேரத்தில் மூன்று ஸ்லைடு முடிந்தது. பாதிச் சம்பவம் காலை பத்திலிருந்து மதியம் இரண்டுக்குள். காவலர் வந்து சேரச் சராசரி ஆறு நிமிடம். நாலு வாசலுக்கு இரண்டு காவலர். அவர் கிழிந்த தாள்களை ஒட்டுப்போட்டு வரிவரியாகப் படிக்க, அவள் தட்டினாள். இடையில் தூணைக் குரூப்பில் மறுபடி சேர்த்து, எல்லோரும் பார்க்கும்படி எழுதினாள்: 'திங்கள் நான் எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். மூன்று ஸ்லைடு வந்துவிட்டது.'

வியாழன் ஒன்று நாற்பதுக்கு நாலாவது வந்தது. படம் இல்லை, அலங்காரம் இல்லை. ஒரே பத்தி. 'கட்டுப்படுத்திய பிறகும் காவலர்கள் தாக்கியது: எட்டு. அதில் ஆறு, நான். அடங்கிய ஆளைப் பிடித்து வைப்பது எப்படி என்று எங்களில் யாருக்கும் பயிற்சி இல்லை. பயிற்சி இருந்தாலும் நான் நிறுத்தியிருப்பேனா என்று எனக்குத் தெரியாது.'

இரண்டு மணிக்குப் பதிவறையில் சின்ன டாக்டர் குரல் கம்மலாகவே சண்டை போட்டார். கழுத்தில் நீலம் பாரித்திருந்தது.

"அந்த மனுஷன் நேத்து என் உயிரக் காப்பாத்தினார். இதப் போட்டா அவர் வேலை போகும். நமக்குக் கதவும் கிடைக்காது, காவலரும் கிடைக்காது. குழு நம்மளப் பார்த்து, அடிக்கிறதே நீங்கதானேன்னு கேக்கும்."

"கேக்கட்டும்," என்றாள் ரெக்கார்டு அக்கா. கீழ் அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்து மேசையில் போட்டாள். "தாடை போன பையனோட அப்பா குடுத்த புகார். எட்டு மாசமா யாரும் திறக்கல. நாளைக்கு நாம மூடி வெச்சுப் பேசினா, என்னிக்காவது இது வெளிய வரும். அன்னிக்கு இந்தப் பதினாறு ஸ்லைடும் பொய்யாயிடும்."

"சிஸ்டர், நீங்க சொல்லுங்க. அடி வாங்கினது நீங்க."

பெரிய சிஸ்டர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள். "அவன் பதினோரு உதை வாங்கினதப் பார்த்தப்ப, முதல் மூணு நாலு எனக்கு இனிச்சுது டாக்டர். மீதிதான் கசந்துது. எனக்கு நம்ம மேலயே நம்பிக்கை இல்ல. எழுதினவர் போடச் சொல்லி அனுப்பியிருக்கார். அப்படியே போகட்டும்."

இரண்டு ஐம்பதுக்கு ஃபைல் போனது.

வெள்ளி காலை குழுவில் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். தூண் சலவைச் சீருடையில் வந்தார். முதல் மூன்று ஸ்லைடைத் தாளைப் பார்த்து வாசித்தார். நாலாவது வந்ததும் தாளை மடித்துப் பையில் வைத்தார்.

"இது நான்," என்றார்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "இது உங்களுக்குத் தெரிஞ்சுதான் போட்டிருக்கா?"

"தெரிஞ்சுதான் சார். நான்தான் எழுதினேன்."

"புதன்கிழமை பல்லு போன ஆளோட வக்கீல் காலையிலதான் போன் பண்ணினார். இப்ப இதப் படிச்சா என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியும். அதனாலதான் ஸ்லைடு அனுப்ப இத்தனை நாள் ஆச்சு."

யாரும் சிரிக்கவில்லை. அரை மணி நேரம் என்று கொடுத்தது ஒன்றே கால் மணி நேரம் போனது. கடைசியில் அவரை வெளியே உட்காரச் சொன்னார்கள். பன்னிரண்டு மணிக்கு அவர் அடையாள அட்டையை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். விசாரணை முடிய நாலு மாதம் ஆனது, வேலை போனது. நீதிமன்றத்தில் இரண்டு வழக்கு. இரண்டிலும் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஒன்றில் ஐந்து மாதம் உள்ளே இருந்தார்.

பூட்டுள்ள கதவு இரண்டு மாதத்தில் வந்தது. அபாயப் பொத்தான் அதற்கடுத்த வாரம். காவலர் எண்ணிக்கை கூடவில்லை. ஆனால் இருந்தவர்களுக்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள்: விழுந்த ஆளை எப்படிப் பிடிப்பது, எப்போது விடுவது, பிடித்திருக்கும் காவலரைத் தட்டி நிறுத்துவது யார் வேலை என்று. அந்தக் கடைசி வேலையைப் பகல் ஷிஃப்டில் பெரிய சிஸ்டருக்கே கொடுத்தார்கள். அடுத்த வருடம் சம்பவம் குறையவில்லை, இருபத்தொன்பது. அடங்கிய பிறகு அடித்தது ஒன்று. அந்த ஒன்றையும் அவளே பதிவேட்டில் எழுதினாள்.

அவளைக் கம்பத்தால் அடித்ததற்காகப் பையன் மேல் நடந்த வழக்கில் அவள் சாட்சி. இரண்டு தரப்பும் அவளைக் கூப்பிட்டது. முதலில் அடித்தது யார் என்று அரசு வக்கீல் கேட்டார். அந்தப் பையன் என்றாள். அவன் உட்கார்ந்த பிறகு அடித்தது யார் என்று பையனின் வக்கீல் கேட்டார். தூணின் பெயரைச் சொன்னாள். உங்களுக்காகத்தானே அடித்தார் என்று அரசு வக்கீல் மறுபடி எழுந்தார். "இல்லைன்னு அவரே சொன்னார்," என்றாள்.

வெளியே வராந்தாவில் பையன் நின்றிருந்தான். தாடை ஒரு பக்கம் கொஞ்சம் கோணியிருந்தது. அவளைப் பார்த்ததும் பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டான். அவளுக்கும் கால் பின்னால்தான் போனது. இரண்டு பேரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் பயந்து அப்படியே நின்றார்கள்.

"அம்மா முகத்த நீங்கதான் மூடினீங்க," என்றான் அவன் கடைசியில். "கடைசியா ஏதாவது சொன்னாங்களா? யாருமே எனக்குச் சொல்லல."

"உன் பேரத்தான் கேட்டாங்க," என்றாள் அவள். "வந்துட்டு இருக்கான்னு சொன்னேன். சரின்னாங்க."

அவன் தலையை ஆட்டினான். இரண்டு மணிக்குள் அவள் பிரிவுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. படி இறங்கிப் போனாள்.